கழிந்தது போக மிஞ்சுவது

1672இல் பாரிஸ் வந்து சேர்ந்த லைப்னிட்ஸுக்கு அப்போது 25 வயது. சட்டம் படித்தவர், அரசியல் தூது வேலையாக வந்தவர். கணிதத்தில் அவருக்கு இருந்த பயிற்சி குறைவு, ஆர்வமோ அதிகம். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்த டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், திறமையைப் பார்க்க ஒரு கணக்குக் கொடுத்தார்.

1, 3, 6, 10, 15 என்று வளர்பவை முக்கோண எண்கள். இவற்றின் தலைகீழ்களை முடிவில்லாமல் கூட்டினால் என்ன வரும்?

1 + 1/3 + 1/6 + 1/10 + 1/15 + …

முதல் ஐந்து உறுப்புகளைக் கூட்டினால் 1.667 அளவில் வருகிறது. பத்து வரை போனால் 1.818. கூட்டிக்கொண்டே போனால் விடையை நெருங்கலாமே தவிர, சரியான விடை இதுதான் என்று சொல்ல முடியாது. லைப்னிட்ஸ் கூட்டலை விட்டுவிட்டுக் கழித்தலைக் கையில் எடுத்தார். வரிசையாக நிற்கும் எண்களில் அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால், நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டும் நிற்கும். மடக்கிய தொலைநோக்கியில் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்விடுவதுபோல நீண்ட தொடர் சுருங்கிவிடுவதால், இதைத் தொலைநோக்கித் தொடர் என்கிறார்கள்.

ஆனால் 1/6 என்ற பின்னத்தில் வித்தியாசம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையே? அதை வெளியே கொண்டுவருவதுதான் பகுதி பின்னம். n-ஆவது முக்கோண எண் n(n+1)/2. அதன் தலைகீழ் 2/(n(n+1)). இரண்டைத் தனியே வைத்துவிட்டு மீதியை இப்படிப் பிரிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்:

1/(n(n+1)) = A/n + B/(n+1)

இருபுறமும் n(n+1) ஆல் பெருக்கினால் 1 = A(n+1) + Bn. இதில் n = 0 என்று போட்டால் A = 1; n = −1 என்று போட்டால் B = −1. ஆக, ஒவ்வொரு உறுப்பும் 1/n − 1/(n+1) என்ற வித்தியாசமாகிவிட்டது. N உறுப்புகளைக் கூட்டினால் மிஞ்சுவது 1 − 1/(N+1). தனியே வைத்த இரண்டால் பெருக்க, 2 − 2/(N+1). N வளர வளர வால் பகுதி பூச்சியத்தை நெருங்குகிறது. ஹைகன்ஸ் கேட்ட கூட்டல் சரியாக 2. இத்தாலியின் மெங்கோலி 1650இலேயே இந்த விடையை அச்சிட்டிருந்தார். லைப்னிட்ஸுக்கு அது தெரியாது.

அந்த வாலைக் கவனிக்காமல் விடுவதுதான் இந்த முறையில் பெரிய ஆபத்து. 1/(n(n+1)) என்பதை (n+1)/n − (n+2)/(n+1) என்றும் எழுதலாம். பெருக்கிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். இப்போது தலையில் நிற்பது 2. “மற்றதெல்லாம் அடிபட்டுவிட்டது” என்று அவசரப்பட்டால் விடை 2 என்றாகும். ஆனால் வாலில் (N+2)/(N+1) இருக்கிறது. அது பூச்சியத்துக்குப் போவதில்லை, ஒன்றுக்குப் போகிறது. 2 − 1 = 1 என்பதே சரியான விடை. ஆகவே முதலில் N உறுப்புகளோடு நிறுத்தி, மிஞ்சியதை எழுதி, அதன் பிறகே N-ஐ வளரவிட வேண்டும்.

இன்னொரு தவறு தலைப்பக்கம் நேர்வது. 1/(n(n+2)) என்ற தொடரில், அதாவது 1/3 + 1/8 + 1/15 + … என்பதில், ஒவ்வொரு உறுப்பும் 1/n − 1/(n+2) என்பதன் பாதி. இங்கே அடிபடுவது அடுத்த உறுப்போடு அல்ல, ஒன்று தள்ளி இருப்பதோடு. அதனால் தலையில் 1, 1/2 என இரண்டு மிஞ்சும்; கூட்டல் (1 + 1/2)/2 = 3/4. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு 1/2 கிடைக்கும். முதல் மூன்று உறுப்புகளே 0.525 ஆகிவிடுவதால் அந்தத் தவறு உடனே பிடிபடும்.

எல்லாத் தொடரும் இதற்கு வசப்படாது. 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரின் கூட்டல் என்ன என்று கேட்டவரும் மெங்கோலிதான். 1/n² இன் பகுதியில் n என்ற ஒரே காரணி இருமுறை வருவதால், வித்தியாசமாகப் பிரிக்க இரண்டு வேறு காரணிகள் இல்லை. 1730களின் நடுவில் ஆய்லர் வேறு வழியில் போய் π²/6 என்ற விடையைக் கண்டார்.

அங்கும் பகுதி பின்னம் ஓரளவு உதவுகிறது. இரண்டாம் உறுப்பு முதல் 1/n² ஒவ்வொன்றும் 1/((n−1)n) ஐவிடச் சிறியது. அந்தப் பெரிய தொடர் சுருங்கி 1 ஆகிறது. முதல் உறுப்பான ஒன்றையும் சேர்த்தால், மொத்தம் 2ஐத் தாண்டாது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆய்லரின் விடை ஏறத்தாழ 1.645.