ஜூன் மாதத்துக்குள் எதை விடுவது?

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை எடுத்துக் காட்டியபோது, அது கடையில் வைத்து விற்கும் நிலையில் இல்லை. பாட்டின் ஒரு பகுதி ஓடும். முழுதாக ஓடவிட்டால் நின்றுபோகும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு இணையத்தைத் திறந்தால் தாங்கும். வரிசையை மாற்றினால் தாங்காது. எதற்குப் பின் எதைத் தொட்டால் ஆபத்தில்லை என்று பொறியாளர்கள் ஒத்திகை பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மேடையில் ஜாப்ஸ் அந்த வரிசையில்தான் போனார். ஆனால் விற்பனை ஜூன் மாதம் என்று அதே மேடையில் அறிவித்தும் ஆகிவிட்டது.

தேதியைத் தள்ள முடியாது என்றால் மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, ஆள் சேர்ப்பது. தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள், வேலையை ஏற்கெனவே தலையில் சுமப்பவர்கள்தானே! அடுத்த வழி, வேலையைக் குறைப்பது. மிச்சமிருப்பதை முக்கியத்துவப்படி அடுக்கி, அடியில் இருப்பதை விட்டுவிடுவது.

ஐபோனில் அப்படி விடப்பட்டவற்றில் மிகவும் பேசப்பட்டது காப்பி-பேஸ்ட். கணினியில் எல்லோரும் கேட்காமலே எதிர்பார்க்கும் வசதி அது. அதை விட்டதற்கான காரணத்தை அந்த விசைப்பலகையை உருவாக்கிய கென் கோசியெண்டா பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: சரியாகச் செய்ய நேரம் இல்லை. விசைப்பலகை, தட்டும்போது பிழையைத் தானே திருத்தும் வசதி, எழுத்துகளைக் கையாளும் அடிப்படை மென்பொருள் ஆகிய மூன்றும் அவர் கையில் இருந்தன. வடிவமைப்பாளர்களுக்கும் நேரம் இல்லை. முதல் பதிப்பில் வேண்டாம் என்று விட்டார்கள்.

அந்த வரிசை ஏன் சரி என்று யோசித்துப் பார்க்கலாம். கண்ணாடி மேல் விரலால் தட்டி எழுதுவதை அன்று பலரும் நம்பவில்லை. ஆப்பிளுக்கும் பழைய காயம் ஒன்று இருந்தது: 1990-களில் அதன் நியூட்டன் கருவி கையெழுத்தைத் தப்பாகப் படித்து ஊர் சிரித்தது. 2005-ல் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு மென்பொருள் குழு முழுவதையும் விசைப்பலகையில் இறக்கிய அளவுக்கு அச்சம் இருந்தது. தட்டினால் தப்பெழுத்து விழும் போனை யாரும் வாங்க மாட்டார்கள். காப்பி-பேஸ்ட் இல்லாத போனை முணுமுணுத்துக்கொண்டாவது வாங்குவார்கள்.

வேலையின் கனமும் கணக்கில் வரும். மவுஸ் இல்லாமல் ஒரு வரியின் நடுவே இரண்டு சொற்களை விரலால் எப்படிப் பிடிப்பது? அதே அசைவு மின்னஞ்சல், குறிப்பு, இணையப் பக்கம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அரைகுறையாகக் கொடுத்து மக்கள் அதற்குப் பழகிவிட்டால், பிறகு மாற்றுவது இன்னும் கஷ்டம்.

ஆனால் ஐபோனில் இல்லாத எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 3ஜி இல்லாததற்கு அன்றைய சிப்புகள் பேட்டரியை உறிஞ்சியதே காரணம் என்றார் ஜாப்ஸ். வெளியார் செயலிகளை முதலில் அவரே விரும்பவில்லை.

அடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். பேருந்து டிக்கெட் செயலி ஒன்று பண்டிகைக் கூட்டத்துக்கு முன் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், எட்டு வாரம். மொத்தம் 32 ஆள்-வாரம். கடைசி இரண்டு வாரம் சோதனைக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மீதி 24. மிச்ச வேலைகளை முக்கியத்துவப்படி எழுதினால்: இருக்கைத் தேர்வு 5, பணம் கட்டுதல் 6, ரத்து செய்தால் பணம் தானாகத் திரும்புதல் 6, குறுஞ்செய்தி 2, தமிழ்த் திரை 5, பழைய பயணங்களின் பட்டியல் 3, கூப்பன் 4, நட்சத்திர மதிப்பீடு 5. கூட்டினால் 36.

மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் தமிழ்த் திரையோடு 24 தீர்ந்துவிடும். அங்கே கோடு. ஆனால் எந்த வேலை இழுத்தாலும் தாங்க இடமில்லை. இந்த இடத்தில் அனுபவசாலிகள் கோட்டுக்குக் கீழே பார்ப்பதோடு நிற்காமல், மேலே இருக்கும் வேலைக்குள்ளும் கத்தரியை விடுவார்கள். பணம் திரும்பிப் போவது கட்டாயம். அது தானாகப் போவது கட்டாயமில்லை. முதல் மாதம் அலுவலகத்தில் ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கையால் அனுப்பட்டும் என்றால் 6 என்பது 2 ஆகும். இப்போது தமிழ்த் திரை வரை 20. கையில் 4 இருப்பு. அதைப் பார்த்ததும் கூப்பனைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காமல் இருப்பதுதான் தேதியைக் காப்பாற்றும்.

இதில் வழக்கமாகக் கெடுவது எது? எல்லாவற்றையும் ‘கட்டாயம்’ என்று குறிப்பது. 1994-ல் ஆரக்கிளில் இருந்த டாய் கிளெக் உருவாக்கிய, ‘மாஸ்கோ’ என்று அறியப்படும் வகைப்பாடு வேலைகளை நான்கு தட்டுகளாகப் பிரிக்கிறது. அதைப் பின்பற்றும் வழிகாட்டிகள், கட்டாயத் தட்டு மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. நம் கணக்கில் இருக்கை, பணம் கட்டுதல், கையால் பணம் திருப்புதல் மூன்றும் சேர்ந்து 13. 24-ல் அது 54 சதவீதம், பரவாயில்லை. கத்தரிக்கும் முன் அது 17, அதாவது 71 சதவீதம். ஒரு வேலை இழுத்தாலும் தேதி போயிருக்கும்.

இன்னொரு கேடு, வசதிகளை விட மனமில்லாமல் சோதனை வாரங்களைத் தின்பது. இது சட்டென்று வெளியே தெரியாது. வாரா வாரம் ‘முடிந்தது’ என்று குறித்த வேலைகளிலிருந்து எத்தனை பிழைகள் திரும்பி வருகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் கோட்டை இன்னும் மேலே நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆப்பிளும் தரத்தில் கை வைக்கவில்லை. விற்பனைக்குச் சில நாட்களே இருந்த ஜூன் 18 அன்று, திரைக்கு பிளாஸ்டிக்குக்குப் பதில் கண்ணாடி என்று அறிவித்தது. அதற்கு முன் ஏப்ரல் 12 அன்று, மேக் கணினிகளுக்கான லெப்பர்ட் இயங்குதளத்தை ஜூனிலிருந்து அக்டோபருக்குத் தள்ளியது. அந்தக் குழுவின் பொறியாளர்களையும் சோதனையாளர்களையும் ஐபோனுக்கு இழுத்திருந்தார்கள். ஒரு தேதியைக் காக்க இன்னொரு தேதியைப் பலி கொடுத்திருக்கிறார்கள். லெப்பர்டுக்கு வந்த புது ஆட்களல்ல இவர்கள், ஆப்பிளின் மென்பொருளை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்பதால் புரூக்ஸ் சொன்ன கேடும் பெரிதாகக் கடிக்கவில்லை என்று எண்ண இடமிருக்கிறது.

ஜூன் 29 அன்று ஐபோன் விற்பனைக்கு வந்தது. 74 நாட்களில் பத்து லட்சம் போயின. காப்பி-பேஸ்ட் 2009 ஜூனில்தான் வந்தது. இரண்டு வருடமும் அந்தக் குறையைச் சொல்லாதவர்கள் குறைவு.

மைக்ரோசாஃப்ட் 2010 கடைசியில் விண்டோஸ் போன் 7-ஐக் கொண்டுவந்தபோது அதிலும் காப்பி-பேஸ்ட் இல்லை. விடப்பட்டது அதே வசதிதான். காலம் மட்டும் வேறு. 2007-ல் ஐபோனுக்கு நிகரான தொடுதிரை போன் வேறில்லை. 2010-ல் வாங்க வந்தவர் கையில் ஏற்கெனவே ஐபோனோ ஆண்ட்ராய்டோ இருந்தது. அவர் தினமும் பயன்படுத்தும் வசதி புதுப் போனில் காணவில்லை. பட்டியலின் அடியில் கிடந்த வேலை மூன்றே வருடத்தில் மேலே ஏறியிருந்தது. அதைச் சேர்க்கும் மேம்படுத்தல் 2011 மார்ச்சில் வெளிவரத் தொடங்கியது.