வைஃபை வந்ததும் வாயடைத்துப்போகும் கால்கள்

மாடித் தோட்டத்துத் தொட்டியில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்றைச் செருகி, அதன் கம்பியை ஈ.எஸ்.பி. 32 போர்டின் 4-ஆம் காலில் இணைத்தேன். காய்ந்த மண்ணில் 2800, தண்ணீர் ஊற்றியதும் 1300 என்று கணினித் திரையில் எண்கள் ஒழுங்காக வந்தன. அளவைக் கைபேசியிலும் பார்க்கலாமே என்று நிரலில் வைஃபைக்கான வரிகளைச் சேர்த்தேன். அதன்பின் மண் காய்ந்தாலும் நனைந்தாலும் 4095தான்.

சென்சார் பழுதோ என்று மல்டிமீட்டரை வைத்தேன். மண் நனைய நனைய 4-ஆம் காலில் வோல்டேஜ் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆக, சென்சார் சரியாகச் சொல்கிறது. சிப்தான் கேட்க மறுக்கிறது.

காரணம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. மின்னழுத்தத்தை 0 முதல் 4095 வரையிலான எண்ணாக மாற்றித் தரும் ஏ.டி.சி. என்ற பகுதி இதில் இரண்டு உண்டு. 32 முதல் 39 வரையுள்ள கால்கள் முதல் ஏ.டி.சி.யைச் சேர்ந்தவை. 0, 2, 4, 12, 13, 14, 15, 25, 26, 27 ஆகியவை இரண்டாவதைச் சேர்ந்தவை. இந்த இரண்டாவதை வைஃபையும் தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது. இருவரும் கேட்டால் முன்னுரிமை வைஃபைக்குத்தான். நம் நிரலுக்கு அளவு கிடைக்காது. மென்பொருள் பதிப்பைப் பொறுத்து 0, 4095 என ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். இது ரேடியோ அலையின் இரைச்சல் அல்ல. கெப்பாசிட்டர் போட்டோ பல அளவுகளின் சராசரி எடுத்தோ தீராது.

என் தொட்டிக்குத் தேவைப்பட்டது, கம்பியை 34-ஆம் காலுக்கு மாற்றி ஒரு வரியைத் திருத்துவது மட்டுமே:

```
int eeram = analogRead(34);
```

வைஃபை ஓடும்போதே 2800, 1300 திரும்ப வந்துவிட்டன. 34, 35, 36, 39 ஆகிய கால்கள் உள்ளீட்டுக்கு மட்டும்தான். அவற்றால் விளக்கையோ ரிலேவையோ இயக்க முடியாது. அந்த வேலைக்குக் காலியான 4-ஆம் காலையே வைத்துக்கொள்ளலாம். வைஃபை தடுப்பது அளவெடுப்பதை மட்டும்தான். ஆன், ஆஃப் வேலையை அல்ல.

கேமரா பொருத்திய ஈ.எஸ்.பி. 32 போர்டில் இந்த மாற்றம் செல்லாது. முதல் ஏ.டி.சி.யின் கால்கள் பெரும்பாலும் கேமராவுக்கே போய்விடுவதால், கம்பி இணைக்க அவை வெளியே வருவதில்லை. அங்கே ஏ.டி.எஸ். 1115 போன்ற தனி ஏ.டி.சி. சிப்பைச் சேர்க்கலாம். அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் அதுகூட வேண்டாம்: முதலில் அளந்துவிட்டு, பிறகு வைஃபையை இயக்கி அனுப்பி, `WiFi.mode(WIFI_OFF)` என்று அணைத்துவிடலாம். அணைந்ததும் அந்தக் கால்கள் மறுபடி அளக்கத் தொடங்கும்.