நடுவில் நிற்கும் 50 ஓம்

மேலே க என்றொரு முனை. அங்கிருந்து இடப்பக்கம் ச முனைக்கு 20 ஓம் மின்தடை, வலப்பக்கம் த முனைக்கு 30 ஓம். ச-விலிருந்து கீழே ப முனைக்கு 35 ஓம், த-விலிருந்து அதே ப-வுக்கு 15 ஓம். க-வுக்கும் ப-வுக்கும் நடுவே 12 வோல்ட் பேட்டரி. இத்தோடு விட்டிருந்தால் பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் ச-வையும் த-வையும் குறுக்கே ஒரு 50 ஓம் இணைத்துவிடுகிறது. இப்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் போகும்?

தொடர் இணைப்பு என்றால் ஒரு தடையில் போன மின்னோட்டம் அப்படியே அடுத்ததிலும் போக வேண்டும். இங்கே 20 ஓமில் வந்தது ச முனையில் பிரிந்துவிடுகிறது. பக்க இணைப்பு என்றால் இரண்டு தடைகளுக்கும் இரு முனைகளும் பொதுவாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஜோடிகூட இதில் இல்லை.

1833-இல் கிறிஸ்டி அமைத்து, 1843-இல் வீட்ஸ்டன் பிரபலமாக்கிய சமனச் சுற்றின் வடிவம் இது. இரு பக்கங்களின் விகிதமும் சமமானால் நடுத்தடையில் மின்னோட்டமே இராது, அதைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போடலாம். நம்முடையதில் 20-க்கு 30, 35-க்கு 15. சமமே இல்லை. கிர்க்காஃப் விதிகளை வைத்து மூன்று சமன்பாடுகள் எழுதித் தீர்க்கலாம்தான், ஆனால் ஒரு கூட்டல் குறி கழித்தலாக மாறினால் மொத்தமும் போச்சு.

1899-இல் ஆர்தர் கென்னலி வேறொரு வழியை எழுதினார். பம்பாய் கொலாபாவில் பிறந்து, எடிசனிடம் வேலை பார்த்தவர் அவர். க, ச, த மூன்றும் சேர்ந்த முக்கோணத்தை, அதாவது டெல்டாவை, எடுத்துவிட்டு அந்த இடத்தில் நடுப்புள்ளியிலிருந்து மூன்று கைகள் விரியும் ஸ்டாரை வைக்கலாம் என்றார். எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தாலும் பழைய அளவே வர வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஒரு முனைக்குரிய கை வேண்டுமா? அந்த முனையில் வந்து சேரும் இரண்டு பக்கங்களைப் பெருக்கி, மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நம் முக்கோணத்தின் கூட்டுத்தொகை 20, 30, 50 சேர்ந்து 100. க-வின் கை 20 × 30 ÷ 100, அதாவது 6 ஓம். ச-வின் கை 20 × 50 ÷ 100, 10 ஓம். த-வின் கை 30 × 50 ÷ 100, 15 ஓம். பலரும் தடுமாறுவது இங்கேதான்: எதிர்ப்பக்கத்தைப் பெருக்கலில் சேர்த்துவிடுகிறார்கள். சரிபார்ப்பது எளிது. முக்கோணத்தில் க-வுக்கும் ச-வுக்கும் நடுவே 20 ஓமும், சுற்றிவரும் 80 ஓமும் பக்க இணைப்பில் இருக்கின்றன, 16 ஓம். ஸ்டாரில் 6-ம் 10-ம் கூட்டினால் அதே 16.

இனி மிச்சம் எல்லாம் பழகிய வேலை. 10-உடன் 35 தொடராகி 45. 15-உடன் 15 தொடராகி 30. இந்த இரண்டும் பக்க இணைப்பில் 18. க-வின் 6 ஓமைச் சேர்த்தால் 24. ஆக, 12 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர்.

விடையை நம்பும் முன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. 50 ஓமைக் கழற்றிவிட்டால் 55-ம் 45-ம் பக்க இணைப்பில் 24.75 ஓம். அதற்குப் பதில் வெறும் கம்பியை வைத்தால் 22.5 ஓம். உண்மை விடை இந்த இரண்டுக்கும் இடையில்தான் வர முடியும். வெளியே போனால் எங்கோ பிசகிவிட்டது.

நடுத்தடையில் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால் ஸ்டார் நேரடியாகப் பதில் சொல்லாது, ஏனென்றால் அந்த 50 ஓம் அதில் இல்லவே இல்லை. ஸ்டாரின் நடுப்புள்ளியோ நிஜச் சுற்றில் எங்கும் தொட்டு அளக்க முடியாத ஒன்று. ஆனால் முக்கோணத்துக்கு வெளியே உள்ள 35-ம் 15-ம் அப்படியே இருக்கின்றன. அரை ஆம்பியர் 0.2, 0.3 எனப் பிரிந்து அவற்றில் போகிறது. ஆகவே ப-வை ஒப்பிட ச-வில் 7 வோல்ட், த-வில் 4.5 வோல்ட். வித்தியாசம் 2.5 வோல்ட், அதை 50-ஆல் வகுத்தால் 0.05 ஆம்பியர், ச-விலிருந்து த-வுக்கு. 20 ஓமில் 5 வோல்ட்டுக்கு 0.25 ஆம்பியர் வருகிறது. அதில் 0.05 குறுக்கே போக, மீதி 0.2 கீழே இறங்குகிறது. கணக்கு நேராகிறது.

முக்கோணத்தின் ஒரு பக்கத்திலேயே பேட்டரி உட்கார்ந்திருந்தால் இந்தச் சூத்திரத்தை அப்படியே போட முடியாது. தடைக்குப் பதில் இழை பல்பு இருந்தாலும் கவனம் தேவை: சூடேற ஏற அதன் ஓம் மாறும், குளிர்ந்த பல்பை மீட்டரில் அளந்து போட்ட 6, 10, 15 எரியும்போது பொருந்தாது.