நாயும் பூனையும் காரில் ஊருக்குப் போகும்போது

மே மாதம் பிறந்துவிட்டால் சென்னையில் நாய் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு கவலை சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊரில் கோயில் கொடை. வீட்டில் இருக்கும் வாயில்லாப் பிராணியை யார் பார்த்துக்கொள்வது? காப்பகத்தில் விட மனசு வராதவர்கள் காரில் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வேளச்சேரியில் ஒரு குடும்பம் இருபத்தைந்து கிலோ லேப்ரடார் ஒன்றையும், நான்கு கிலோ நாட்டுப் பூனை ஒன்றையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 620 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் பன்னிரண்டு மணி நேரம். அவர்கள் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

முதலில் காகிதங்கள். கிளம்புகிற அன்று காலையில் தேடுகிற விஷயம் அல்ல இது, குறைந்தது ஒரு மாதம் முன்பே தடுப்பூசி அட்டையைத் திறந்து பார்க்க வேண்டும். ரேபிஸ் ஊசியின் அடுத்த தவணை எப்போது என்று பாருங்கள். பயணத்துக்கு இடையில் தேதி முடிகிறதென்றால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். முதன்முறையாகப் போடப்படும் ரேபிஸ் ஊசி என்றால் பாதுகாப்பு உருவாக 21 நாள் ஆகும் என்பது கணக்கு. நாளைக்குப் பயணம், இன்றைக்கு ஊசி என்றால் பலனில்லை. அட்டையில் ஊசி மருந்தின் பெயர், அதன் தொகுதி எண், போட்ட தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பல அட்டைகளில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கும், கையெழுத்து இருக்காது.

இரண்டாவது காகிதம் உடல்நலச் சான்றிதழ். விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றி 1978ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளில் நாய், பூனைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. பயணம் செய்யும் தகுதியோடு இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த சான்று உடன் வர வேண்டும் என்கிறது அது. சொந்தக் காரில் போகிறவரை வழிமறித்து யாரும் இதைக் கேட்பது அபூர்வம்தான். ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்தச் சான்றுக்காக டாக்டரிடம் போகும்போது காது, பல், தோல், எடை எல்லாம் பார்க்கப்பட்டுவிடும், வாந்தி மயக்கத்துக்கு மருந்து தேவையா என்றும் பேசிவிடலாம்.

ரேபிஸ் அட்டை உண்மையில் எங்கே உதவும் என்றால், டீக்கடை வாசலில். பழக்கமில்லாத இடம், இரைச்சல், பக்கத்தில் வந்து தலையைத் தடவ நீட்டிய ஒரு குழந்தையின் கை. சாதுவான நாய்கூடச் சட்டென்று பல் பதித்துவிடலாம். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், அதில் மாற்றமில்லை. அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது. அட்டையை நீட்ட முடிந்தால் பேச்சு சண்டையாக மாறாது. நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டியிருப்பதால் உங்கள் போன் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இவற்றோடு ஒரு வெள்ளைத்தாளில் பெயர், வயது, எடை, ஒவ்வாமை, இப்போது கொடுக்கும் மாத்திரை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண் ஆகியவற்றை எழுதி, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் விழுப்புரம், திருச்சி, மதுரையில் எந்தக் கிளினிக் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பதை முதல் நாளே போன் செய்து கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. நெல்லையில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது ஒரு தைரியம்.

அடுத்தது சாப்பாடு. இதில் பெரும்பாலோர் அன்பால் கெடுக்கிறார்கள். நீண்ட தூரம் போகிறதே, வயிறு நிறையட்டும் என்று கிளம்பும்போது ஒரு தட்டு வைத்துவிட்டால், அது செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பின் சீட்டில் கிடக்கும். வாந்திக்கு முன்பு நாய் அடையாளம் காட்டும்: அடிக்கடி கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் நூலாக ஒழுகும். குட்டிகளுக்கு இது அதிகம். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காது அமைப்பு அவற்றுக்கு இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது.

நம் லேப்ரடாருக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறார்கள். முந்தைய இரவு எட்டு மணிக்கு வழக்கமான சாப்பாடு. கிளம்பும்போது கொஞ்சம் தண்ணீர், ஒரு சின்ன நடை, அவ்வளவுதான். எட்டு மணி வாக்கில் திருச்சிக்கு முன்னால் எங்காவது நிழலில் நிறுத்தி, வழக்கமான அளவில் பாதி. சாப்பிட்டதும் வண்டியை எடுக்காமல் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மீதி, ஊர் போய்ச் சேர்ந்து மூச்சிரைப்பு அடங்கிய பிறகு. அதே 1978 விதிகள் வளர்ந்த நாய், பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனியும், கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரும் போதும் என்றுதான் சொல்கின்றன. தண்ணீரை மட்டும் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். இருபத்தைந்து கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் வேண்டும். வீட்டுத் தண்ணீரே மூன்று லிட்டர் எடுத்துக்கொண்டால் தண்ணீர் மாறி வயிற்றைக் கலக்கும் தொல்லையும் குறையும்.

வீட்டில் சோறும் கோழியும் போட்டு வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இரவு வேக வைத்து டப்பாவில் அடைத்தது மே மாத வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போய்விடும். இதற்காகப் பயண நாளில் திடீரென்று கடைத் தீனிக்கு மாற்றினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். பத்து நாள் முன்பிருந்தே பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். ஓட்டலில் வாங்கிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். சாம்பாரிலும் பிரியாணியிலும் கிடக்கும் வெங்காயம், பூண்டு இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் இருக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூனையின் கதை வேறு. ஓடுகிற வண்டியில் அது சாப்பிடாது, குடிக்காது, ஒன்றுக்கும் போகாது. கிளம்ப நான்கு மணி நேரம் முன்பு கொஞ்சம் கொடுத்ததோடு விட்டுவிடலாம். ஊர் சேர்ந்த பிறகும் ஒரு முழு நாள் எதையும் தொடாமல் இருந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும், பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு தேங்கிவிடும். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம், அது உயிர்போகும் அவசரம்.

பூனைக்கு மிக முக்கியமான சாமான் கூடை. கெட்டியான பிளாஸ்டிக்கில், மேல்பக்கமும் திறக்கிற மாதிரி வாங்கினால் நல்லது, பயந்த பூனையைக் கால் பிடித்து இழுக்காமல் மேலிருந்து தூக்கலாம். இரண்டு வாரம் முன்பே கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே பழைய துணி போட்டு, தீனியையும் அங்கேயே வையுங்கள். கூடை பரணிலிருந்து இறங்குவதே டாக்டர் வீட்டுக்குப் போகத்தான் என்று தெரிந்து வைத்திருக்கும் பூனை, அதைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்விடும். உள்ளே போடும் துணியைத் துவைக்காதீர்கள், அதன் சொந்த வாசனைதான் அதற்கு வீடு. பயணத்தில் கூடையை முன் சீட்டுக்குப் பின்னால் கீழே, ஆடாமல் பொருத்தி, மெல்லிய பருத்தித் துணியால் பாதி மூடுங்கள். பழைய மணலில் ஒரு கிண்ணம் அள்ளிக்கொண்டு போய் ஊரில் புதுத் தட்டில் கலந்துவிட்டால் இடத்தைத் தேடித் திண்டாடாது. பாவமாக இருக்கிறதே என்று வழியில் கூடையைத் திறக்கவே வேண்டாம். பெட்ரோல் பங்கில் ஒரு நொடி கதவு திறந்தாலும் பூனை போய்விடும், பிறகு கூப்பிட்டாலும் வராது.

நாய்க்குக் கழுத்துப்பட்டையில் போன் எண் எழுதிய தகடு, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ், அதை சீட் பெல்ட்டோடு இணைக்கும் வார். கழுத்துப்பட்டையில் இணைத்தால் பிரேக் போடும்போது கழுத்து நெரிபடும். படுக்கும் பழைய விரிப்பு, இரண்டு துண்டு, பழைய செய்தித்தாள், கவிழாத தண்ணீர்க் கிண்ணம் போதும். இறங்கும்போது முதலில் கயிறு கையில், பிறகுதான் கதவு. நெடுஞ்சாலை ஓட்டல்களில் அந்த இடத்துக்குச் சொந்தக்கார நாய்கள் நான்கைந்து இருக்கும், ஆகவே கட்டடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். தார்த் தரையில் உங்கள் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வைக்க முடியாது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது நிறுத்திய கார். ஐந்து நிமிடம்தானே, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தானே போகிறோம் என்பார்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வெயிலில் மூடி நிற்கும் கார் பத்து நிமிடத்திலேயே 45ஐத் தொட்டுவிடும், அரை மணியில் 55 வரை போகும், கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்குவதால் பெரிய மாற்றமில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக், ஷிட்ஸு, பெர்ஷியன் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்கு அதுவும் சரியாக முடியாது. ஆகவே சாப்பிடப் போனால் ஒருவர் ஏ.சி. ஓடும் வண்டியில் இருக்க வேண்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள். ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் பசையாகி, நடை தள்ளாடினால் வெப்பத் தாக்கு. வயிறு, அக்குள், தொடை இடுக்கில் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஏ.சி. காற்றைத் திருப்பி, அப்படியே டாக்டரிடம் விரட்டுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது, அது சூட்டை உள்ளே அடைத்துவிடும்.

மனிதர்களுக்கான தூக்க மாத்திரையோ பாராசிட்டமாலோ கைக்கு வருகிறதே என்று கொடுக்காதீர்கள். ஒரே பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அலறிக்கொண்டே வரும் பூனைக்கு அமைதிப்படுத்தும் மருந்து தேவைதான் என்றால் டாக்டர் எழுதிக்கொடுப்பார், அதையும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் பூனையை நேராக ஓர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். மூடியில்லாத கிணறு, திறந்த முற்றம், தெருநாய் எல்லாம் அதற்குப் புதிது. இரண்டு நாள் அந்த அறையே போதும். கொடை வீட்டில் வேட்டுப் போடும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, நாயை உள்ளறையில் மின்விசிறி ஓட, ஜன்னல் மூடி, யாராவது துணையிருக்க வையுங்கள். சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய் அந்த ஊர்த் தெருக்களில் வழி தெரியாமல் போய்விடும்.

திரும்பி வந்த அன்றே நாயின் விரலிடுக்கு, காதின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்குக் கீழே உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிளம்பும் முன்பே உண்ணி மருந்து போட்டிருந்தாலும் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தீனி மறுப்பு, சிறுநீர் பழுப்பு நிறம் என்று ஏதாவது தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, எந்த ஊருக்குப் போய் வந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.