கடைசியாக அணைக்க வேண்டிய நம்பர்

சிங்கப்பூர் டார்மிட்டரிகளில் ஒருவருக்கு பெர்மிட் கேன்சல் ஆகப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் ஆரம்பிப்பது பெட்டி கட்டும் வேலைதான். முஸ்தஃபாவில் வாங்கிய தைலம், சாக்லேட், பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் என்று பெட்டி நிறையும். முப்பது கிலோவுக்கு மேல் போனால் எதை எடுப்பது என்று அறையே கூடி யோசிக்கும். ஆனால் இத்தனை வருடம் சம்பளமும் கடனும் சீட்டும் சண்டையும் ஓடிய கைபேசியை, கிளம்பும் முன் உட்கார்ந்து ஒழுங்குபடுத்துபவர்கள் குறைவு.

துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்க்கும் சிவகங்கைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலருக்கு நடப்பதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்வதால் அவருக்குப் பெயர் வேண்டாம். ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தபின் அவர் செய்ய நினைத்த முதல் காரியம் சிம் கார்டைத் தூக்கிப்போடுவது. ‘போற ஊருக்கு இந்த நம்பர் எதுக்கு?’ என்பது அவர் கணக்கு. பக்கத்துக் கட்டில் தம்பி தடுத்தார். “அண்ணே, மொதல்ல அந்த நம்பருக்கு எங்கெங்க இருந்து ஓடிபி வருதுன்னு எழுதுங்க.”

எழுதியபோதுதான் விஷயம் புரிந்தது. சிங்கப்பூர் வங்கி, சிங்பாஸ், ஜிமெயில் மூன்றும் அந்த +65 நம்பரில். ஊரில் உள்ள என்ஆர்இ கணக்கும் அதே நம்பரில்தான். ஆதாரில் மட்டும் பழைய இந்திய நம்பர் இருந்தது. அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து வருடக்கணக்காகிறது. இந்தியாவில் 90 நாள் பயன்படுத்தாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் கிடக்கும் ப்ரீபெய்ட் நம்பரை நிறுவனம் துண்டித்துவிடலாம். பிறகு அது வேறொருவருக்கும் போகலாம். ஆகவே ஆதாருக்கு வரும் ஓடிபி இப்போது யார் கைக்குப் போகிறது என்றே அவருக்குத் தெரியாது. ஆதாரில் நம்பரை மாற்ற ஊரில் உள்ள மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைப்பதுதான் பழக்கமான வழி. அவருடைய வங்கியும் நேரில் வரச் சொன்னது. எப்படியும் போகத்தான் வேண்டும். நிரந்தரமாக ஊர் திரும்பியவர் என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது விதி.

ஆக, ஊரில் இறங்கிச் சில வாரங்கள் வரை +65 நம்பர் உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. சிம்மின் வேலிடிட்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து டாப்-அப் செய்ய வேண்டும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்பதை சாங்கியில் விமானம் ஏறும் முன்பே நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஊரில் இறங்கியபின் அதைச் சரிசெய்வது கடினம்.

அடுத்தது வாட்ஸ்அப் குழுக்கள். மூன்று இருந்தன. அறைக் குழுவில் பிரச்சினை இல்லை. அரிசி பருப்புக் கணக்கைத் தீர்த்துவிட்டு வெளியேறலாம். சிக்கல் சீட்டுக் குழுவில். பன்னிரண்டு பேர், மாதம் 200 வெள்ளி. நம்மவர் ஏழாவது மாதமே சீட்டை எடுத்துவிட்டார். ஒன்பது தவணை கட்டியாயிற்று. மூன்று பாக்கி, அதாவது 600 வெள்ளி. யார் எந்த மாதம் எடுத்தார், யார் கட்டவில்லை என்பதற்குக் குழுவில் போட்ட செய்திகளைத் தவிர நோட்டோ ரசீதோ கிடையாது. அந்தக் குழுவின் ஒரே அட்மினும் அவர்தான்.

அவர் சத்தமில்லாமல் வெளியேறினால் என்ன ஆகும்? அட்மின் இல்லாத குழுவில் வாட்ஸ்அப் தானாகவே யாரோ ஒருவரை அட்மின் ஆக்கிவிடும். அந்த ஒருவர் நேற்று சேர்ந்த ஆளாகக்கூட இருக்கலாம். 2022-லிருந்து ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகிறது. மற்றவர்கள் பாக்கி வைத்தவரை உள்ளே இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்குப் போனவர் பெயர் இப்படித்தான் கெடுகிறது. பெரும்பாலும் ஏமாற்ற நினைத்து அல்ல, சொல்லாமல் போனதால்.

அவர் செய்தது இது. 600 வெள்ளியைக் கடைசிச் சம்பளத்திலிருந்து தருவதாகத் தேதி போட்டுக் குழுவில் எழுதினார். பன்னிரண்டு பேரின் வரவுசெலவையும் ஒரே செய்தியாகப் போட்டு, ஒவ்வொருவரையும் ‘சரி’ என்று பதில் போடச் சொன்னார். எல்லோருக்கும் நம்பிக்கையான ஒருவர் பெயரைத் தொட்டு `Make group admin` கொடுத்தார். பிறகு `Export chat` வழியாக, படங்கள் இல்லாமல், முழு உரையாடலையும் கோப்பாக்கித் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டார். பணம் கைமாறிய பிறகுதான் வெளியேறினார்.

மூன்றாவது, வேலைக் குழு. சூப்பர்வைசர் தினமும் ‘நாளை எட்டிலிருந்து பத்து வரை’ என்று போடும் இடம். பெர்மிட் கேன்சலானதும் அந்தக் குழுவிலிருந்து கம்பெனியே நீக்கிவிடும். நீக்கினாலும் பழைய செய்திகள் நம் கைபேசியில் இருக்கும். ஆத்திரத்தில் நாமே அழித்தால்தான் போகும். அதை அழிக்கக் கூடாது. ஓவர்டைம் சம்பளம் குறைந்திருந்தால், வேலையை விட்ட கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம் என்கிறது சிங்கப்பூர்ச் சட்டம். எந்த நாள் எத்தனை மணி வரை நின்றோம் என்பதைக் காட்ட, சம்பளச் சீட்டோடு அந்தச் செய்திகளும் உதவும். ‘எல்லாம் முடிஞ்சது’ என்று கைபேசியைத் துடைத்துவிட்டு வந்து, பிறகு ஆதாரம் இல்லாமல் நிற்பவர்களை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. உழைத்த காசு அது.

வங்கிக் கணக்கை எப்போது மூடுவது? சம்பளம் ஏறுவதற்கு முன் மூடினால் பணம் திண்டாடும். ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு வேலையின் கடைசி நாளிலேயே முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. எனவே விமானத்தை அதே இரவுக்குப் போடாமல், நடுவில் வங்கி திறந்திருக்கும் ஒரு நாளாவது விட்டு டிக்கெட் கேட்பது நல்லது. பணம் ஏறியதைப் பார்த்து, சீட்டுப் பாக்கியைக் கொடுத்து, மீதியை ஊருக்கு அனுப்பி, அதன்பின் கணக்கை மூடினார் நம்மவர்.

அந்த வாரத்தில்தான் இன்னொருவர் வந்தார். தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை அறிமுகமானவர். “எப்படியும் போகப் போறீங்க, அந்தக் கணக்கையும் கார்டையும் என்கிட்ட குடுங்க, சில நூறு வெள்ளி தர்றேன்.” மோசடிக் கும்பல்கள் ஊர் திரும்பும் தொழிலாளர்களைக் குறிவைப்பது இப்படித்தான். வயதானவர்களிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணம் அந்தக் கணக்கின் வழியாக ஓடும். போலீஸ் தேடும்போது திரையில் வருவது வெல்டரின் பெயர். 2024 பிப்ரவரியிலிருந்து வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ இப்படிக் கைமாற்றுபவர்களைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவுகள் உள்ளன. 2025 ஜனவரியிலிருந்து, தன் பெயரில் உள்ள சிம்மை மோசடிக்குப் போவது தெரிந்தே விற்பதும் குற்றம். சிறைக்கும் போக நேரிடும். சிம்மை நண்பனுக்கு அன்பாகக் கொடுத்துவிட்டு வருவதும் அதனால் ஆபத்துதான். மறுபடி சிங்கப்பூருக்கே வேலைக்கு வர நினைப்பவருக்கு இது வாழ்நாள் கேடு.

ஊரில் ஆதாரும் வங்கியும் புதிய இந்திய நம்பருக்கு மாறியபின், வாட்ஸ்அப்பில் `Change number` கொடுப்பது கடைசி வேலை. குழுக்களும் பேச்சுகளும் புதிய நம்பருக்கு வந்துவிடும். நம்பர் மாறியது குழுவில் இருப்பவர்களுக்கும் தெரியும். இதைச் செய்யாமல் சிம்மைக் காலாவதியாக விட்டால், அந்த நம்பர் வேறொருவருக்குப் போய், அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கும்போது பழைய குழுக்களுக்குள்ளேயே நுழைந்துவிடும் வாய்ப்பு உண்டு. பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் தானே நீக்கிவிடும். அதற்குள் யாராவது அந்த நம்பரிலிருந்து ‘அவசரமாக 300 வெள்ளி வேண்டும்’ என்று கேட்டால், டார்மிட்டரியில் இருக்கும் தம்பிகள் அண்ணன்தான் கேட்கிறார் என்று அனுப்பிவிடுவார்கள்.