பத்து சென்ட்டில் தினமும் ஒரு பாத்தி

ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். தண்ணீர் வசதியுள்ள பத்து சென்ட் நிலத்தில் கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டால் இது கிடைக்கும். ஆனால் நடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மொத்த நிலத்தையும் ஒரே நாளில் நட்டால் புல் முழுக்க ஒன்றாகவே முற்றும். கடைசிப் பாத்திக்கு அரிவாள் போவதற்குள் அடித்தண்டு கட்டையாகிவிடும். மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். அதனால் நிலத்தை 45 சிறு பாத்திகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஏழு பாத்தி வீதம் நடுங்கள். ஒரு பாத்திக்கு முப்பது தூர் வரும். இருபரு கரணையில் ஒரு பரு மண்ணுக்குள் இருக்கட்டும். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடிக்குச் சற்று மேல்.

முதல் அறுப்பு 75 நாளில். பிறகு தினம் ஒரு பாத்தி. 46ஆம் நாள் முதல் பாத்தி மறுபடி தயாராகியிருக்கும். தரையிலிருந்து நான்கைந்து விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும். அறுத்த பாத்திக்கு உரமும் தண்ணீரும் உடனே போகாவிட்டால் அடுத்த சுற்றில் தூர் மெலியும்.

பனிக்காலத்தில் வளர்ச்சி மந்தமாகும்; அதற்குக் கொஞ்சம் வைக்கோல் கைவசம் வேண்டும். இந்தப் புல்லில் ஆக்சாலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் கலந்தே போடுங்கள்.