மூச்சு விடும் இடத்தில் பேசும் தந்தி

ஷா ஆலம் 1978-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரமாவதற்கு முன்னர், சுங்கை ரெங்கம் என்ற பெயரோடு ரப்பரும் செம்பனையும் அடர்ந்த தோட்டப் பிரதேசமாக இருந்தது என்பதை, இன்று அதன் அகன்ற சாலைகளில் விரைகிறவர்களில் அநேகர் நினைப்பதில்லை. என் அத்தை நினைக்கிறார். லயத்து வீட்டில் பிறந்து, மரம் சீவி, மங்கில் பால் சேகரித்து வாழ்ந்த அவர், இப்போது அடுக்குமாடி வீடொன்றின் ஏழாவது மாடியில் இருந்துகொண்டு, தம் தாயார் ஆயக்கொட்டகைத் தூளியை ஆட்டிய நாட்களில் பாடிய ஒரு பாட்டை, அந்திவேளைகளில் தமக்குத் தாமே பாடிக்கொள்கிறார். பாதி தாலாட்டு, பாதி ஒப்பாரி என்று சொல்லத்தக்க அந்தப் பாட்டுக்குக் கித்தாரில் ஒரு ஸ்லைடு பகுதி எழுதப் புகுந்த அனுபவத்தையே இங்கே விவரிக்கிறேன்.

தந்தியை விரலால் மெட்டோடு சேர்த்து அழுத்தாமல், அதன்மேல் வழுவழுப்பான ஒரு பொருளை வைத்து இழுத்து வாசிக்கும் முறை தமிழருக்குப் புதியதன்று. சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் புகழ் சேர்த்த கோட்டு வாத்தியம், மெட்டுகளே இல்லாத தண்டியின்மேல் கருங்காலிக் கட்டையை நகர்த்தி வாசிக்கப்படுவதுதானே! அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் தம் துயரத்தைப் பாடிய புளூஸ் இசையிலும் கத்தியும் கண்ணாடிப் புட்டியின் கழுத்தும் இதே வேலையைச் செய்தன. 1903-ஆம் ஆண்டளவில் மிஸிஸிப்பி மாநிலத்து ரயில் நிலையம் ஒன்றில், ஒருவர் கத்தியைத் தந்திகளின்மேல் அழுத்திப் பாடியதைத் தாம் கேட்டதாக டபிள்யூ. ஸி. ஹாண்டி பிற்காலத்தில் எழுதிவைத்தார். தோட்டத்து ஒப்பாரியும் அந்தப் புளூஸும் ஒன்றுக்கொன்று அறிமுகமாகாதவை. ஆயினும் இரண்டிலும் துக்கம் தங்குகிற ஸ்வரம் ஒன்றே. அது காந்தாரம்.

சுருதி முதலில், தந்தி பிறகு

கித்தாரின் வழக்கமான சுருதியில், ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் உள்ள உறவு விரல்களின் சௌகரியத்தை உத்தேசித்து ஏற்பட்டது. விரலில் மாட்டிய நேரான கண்ணாடிக் குழலுக்கு அது உதவாது. திறந்த சுருதி என்பது, எதையும் தொடாமல் ஆறு தந்திகளையும் மீட்டினாலே ஒரு முழு இசைவு எழும்படி அமைப்பதாகும். அவற்றுள் பெருவழக்கானவை இரண்டு. 'டி'யை ஆதாரமாகக் கொண்டதில் தந்திகள் கனத்ததிலிருந்து மெல்லியது வரை ஸ-ப-ஸ-க-ப-ஸ என்று அமையும். 'ஜி'யை ஆதாரமாகக் கொண்டதில் ப-ஸ-ப-ஸ-க-ப என்று அமையும். இவற்றில் எது என்பதைப் பாடகரின் சாரீரமே தீர்மானிக்க வேண்டும். அத்தையை அந்திவேளையில் தம் விருப்பப்படி பாடவிட்டு ஹார்மோனியத்தில் ஒத்துப் பார்த்தபோது, அவருடைய ஆதார ஷட்ஜம் ஐந்து கட்டையில், அதாவது 'ஜி'யில் நின்றது. காலையில் தொண்டை திறக்கும் முன்பு அவர் அரைக் கட்டை தாழ்ந்தே பாடுவார். ஆகையால் எந்த வேளையில் பாடப் போகிறாரோ அந்த வேளையிலேயே சுருதி பார்க்க வேண்டும் என்பது நான் கற்ற முதற்பாடம்.

ஐந்து கட்டை என்றதும் 'ஜி' சுருதி தானாகவே பொருந்தியது. மாற்ற வேண்டியவை மூன்று தந்திகளே. ஐந்தாம் தந்தியை, மூன்றாம் தந்திக்குக் கீழ் ஸ்தாயியாக ஒலிக்கும்வரை ஒரு முழு ஸ்வரம் இறக்கினேன். ஆறாவதை நான்காம் தந்தியின் கீழ் ஸ்தாயியாகவும், முதலாவதை அதன் மேல் ஸ்தாயியாகவும் இறக்கினேன். இரண்டாம் தந்தி அந்தர காந்தாரம். அதை மட்டும் கருவி காட்டும் அளவைவிட நூலிழை தாழ்த்தி, காதுக்கு இனிக்கும் இடத்தில் நிறுத்தினேன். இவ்வாறு தளர்ந்த தந்திகள் மெல்லியவையாயிருந்தால் குழலின் கனத்தில் தொய்ந்து மெட்டில் மோதும். ஆதலால் முதல் தந்திக்குப் பதின்மூன்றாம் எண் கனம் கொண்ட தொகுதியைப் பூட்டி, தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் இடையிலுள்ள உயரத்தையும் சிறிது கூட்டிக்கொண்டேன்.

முதல் முயற்சியின் பிழை

பாட்டில் நான்கு அடிகள், திஸ்ர நடை, ஒவ்வோர் அடிக்கும் எட்டு எண்ணிக்கை. முதல் ஐந்தில் சொற்கள் முடிந்துவிடும். எஞ்சிய மூன்றில் கடைசி எழுத்தை இழுத்து, மூச்சு வாங்கிக்கொள்வார். நான் இதைக் கவனியாமல், மூன்றாம் தந்தியில் அவர் பாடுவதையே அடிதோறும் தொடர்ந்து வாசித்தேன். அந்தத் தந்தியின் திறந்த ஒலி அவருடைய ஷட்ஜத்தின் ஸ்தாயியிலேயே இருப்பதால் அது மிகவும் எளிதாயிருந்தது, எளிதாயிருந்ததே ஆபத்து. குரலும் தந்தியும் ஒரே ஸ்தாயியில், ஒரே வேளையில், ஒரே ஸ்வரத்தை நோக்கிச் சறுக்கும்போது, இரண்டில் ஒன்று இம்மியளவு பிந்தினாலும் அபஸ்வரமாகவே கேட்கிறது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டார்.

"என்னா தம்பி, நா பாடறப்ப நீயும் கூடவே பாடுறியே. நா மூச்சு எடுக்கிறப்ப பேசேன்" என்றார்.

எழுதும் முறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பிளைண்ட் வில்லி ஜான்ஸன் 1927-ஆம் ஆண்டு முதல் பதிவு செய்த பாடல்களை மறுபடி கேட்டேன். குரலோடு தந்தியை இணையவிட்ட இடங்கள் அவரிடமும் உண்டு. ஆனால் அவருடைய விசேஷம், அடியின் இறுதிச் சொற்களைத் தாம் பாடாமல் தந்தியிடம் ஒப்படைத்துவிடுவது. அவரே பாடி அவரே வாசித்ததால் அந்த ஒப்படைப்பு அவருக்கு இயல்பாக வாய்த்தது. இருவர் சேரும்போது, தந்திக்குரிய இடம் மூச்சுக்குரிய இடமேயாகும்.

நான்கு அடிகள், மூன்று பதில்கள்

ஆகவே சொற்கள் ஒலிக்கும் ஐந்து எண்ணிக்கையிலும் குழல் தந்தியைத் தொடுவதில்லை. கட்டைவிரல் மட்டும் ஐந்தாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் மாறி மாறி மீட்டும். அவை ஷட்ஜமும் பஞ்சமமும். தம்புராவின் கடமையைச் செய்து, பாடப் பாடச் சுருதி ஏறிவிடும் வழக்கமுள்ள அத்தையின் குரலை நிலைநிறுத்துகின்றன. காந்தாரமான இரண்டாம் தந்தியை இங்கே மீட்டவே கூடாது. ஏனெனில், அத்தையின் காந்தாரம் ஏறும்போது அந்தரத்தை நெருங்குகிறது. இறங்கும்போது சாதாரண காந்தாரத்தை நாடுகிறது. அசையாத ஓர் அந்தர காந்தாரம் அருகில் ஒலித்துக்கொண்டிருந்தால், இறக்கத்தின் துக்கம் முழுவதும் பிழைபோலக் கேட்கும்.

முதல் அடி பஞ்சமத்தில் கேள்விபோல நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக முதல் தந்தியில் மூன்றாம் மெட்டின் கைசிகி நிஷாதத்தில் தொட்டு, ஐந்தாம் மெட்டின் மேல் ஷட்ஜத்துக்கு ஏறி, மூன்றாம் எண்ணிக்கை முழுவதும் அங்கேயே நின்றேன். இது குரலுக்கு மேலே உள்ள இடமாதலால் மோதல் இல்லை.

இரண்டாம் அடி காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்தில் விழுகிறது. இதற்குரிய பதில்தான் பாட்டின் உயிர். மூன்றாம் தந்தியில், ஐந்தாம் மெட்டின் மத்தியமத்தில் தொடங்கி, நான்காம் மெட்டைக் கடந்து, மூன்றாம் மெட்டை எட்டுவதற்கு முன்பே குழலை நிறுத்த வேண்டும். அங்கே ஒரு கணம் தயங்கி, பிறகு குழலை எடுத்துத் திறந்த தந்தியில் ஷட்ஜத்தை ஒலிக்கச் செய்ய வேண்டும். மூன்றாம் மெட்டு சாதாரண காந்தாரம், நான்காம் மெட்டு அந்தரம். அத்தையின் குரல் தங்குவது இரண்டுக்கும் நடுவில், மெட்டுக் கம்பியே இல்லாத வெளியில். விரலால் அழுத்தி அந்த இடத்தில் நிற்க முடியாது, குழலால் முடியும். இந்தப் பாட்டுக்கு ஸ்லைடு வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததன் காரணம் இந்த ஒரு ஸ்வரமே.

மூன்றாம் அடி மத்தியமத்தை மையமாகக் கொண்டது. புளூஸ் வழக்கப்படி ஐந்தாம் மெட்டில் எல்லாத் தந்திகளையும் குழலால் மறைத்து மீட்டிவிடலாம் என்று முதலில் தோன்றியது. செய்து பார்த்தேன், செழிப்பாக ஒலித்தது, ஆனால் பாட்டு அந்நியமாகிவிட்டது. காரணம், அங்கே இரண்டாம் தந்தி சதுஸ்ருதி தைவதத்தைத் தருகிறது. இந்தப் பாட்டிலோ தைவதமே கிடையாது. ஆகவே நான்காம், மூன்றாம் தந்திகளை மட்டும் அந்த மெட்டில் மீட்டினேன். ஷட்ஜமும் மத்தியமமும் மட்டும் ஒலித்தன. பாட்டில் இல்லாத ஸ்வரத்தைக் கருவியின் சௌகரியம் கொண்டுவந்து நுழைக்கும்போது அதைக் கண்டுபிடித்து விலக்குவதுதான், திறந்த சுருதியில் எழுதுகிறவனுக்குரிய முக்கியமான ஜாக்கிரதை.

நான்காம் அடிக்குப் பதில் இல்லை. கட்டைவிரலின் ஷட்ஜ பஞ்சமம் மட்டும் மூன்று எண்ணிக்கையும் நடந்து, அடுத்த சரணத்துக்கு வழிவிடுகிறது.

கையின் கணக்கு

எழுதிய பின் வாசிப்பில் நேரும் பிழைகள் சில உண்டு. குழலின் நடுக்கோடு மெட்டுக் கம்பியின் நேர்மேலே நிற்க வேண்டும். விரலால் அழுத்துகிற பழக்கத்தில் கம்பிக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் ஸ்வரம் தாழ்ந்து போகும். இதைச் சோதிக்க எளிய வழி, பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை விரலால் மெல்லத் தீண்டி எழும் மணியோசையைக் கேட்டு, அதே இடத்தில் குழலை வைத்து வாசித்து ஒப்பிடுவது. கடகடவென்ற ஓசை எழுந்தால் அழுத்தம் மிகுதி. சலசலத்து நாதம் மெலிந்தால் அழுத்தம் போதாது. இவற்றுக்கு அப்பால், குழலுக்குப் பின்புறம் உள்ள தந்தித் துண்டும் சேர்ந்து முனகும். அதை அடக்க, குழலைச் சுண்டுவிரலில் மாட்டி, பின்னால் வரும் மற்ற விரல்களைத் தந்திகளின்மேல் இறகுபோலக் கிடத்த வேண்டும். வலக்கையும், மீட்டாத தந்திகளைத் தொட்டு அடக்கியபடியே இருக்க வேண்டும். வாசிக்கும்போது நம் காது மனத்தில் உள்ளதையே கேட்பதால், கைத்தொலைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்பதே நியாயமான பரீட்சை.

அவ்வாறு பதிவு செய்த மாலையில், இரண்டாம் அடியின் பதிலில் குழல் மெட்டுகளுக்கு நடுவே தயங்கி நின்றபோது, அத்தை அடுத்த அடியை எடுக்கவில்லை. எண்ணிக்கை மூன்றும் கடந்துவிட்டது. கட்டைவிரலை மட்டும் ஓட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"எங்கம்மா அங்கதான் நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மூன்றாம் அடியைத் தொடங்கினார்.